இணை ஆசிரியரிடம் கதைக்க நேரம் கேட்பது எப்படி: திருத்தக் கெடுவுக்கு முன் செய்ய வேண்டியவை

திருகோணமலையில் இளம் ஆய்வாளர்களின் கட்டுரைகளில் புள்ளிவிவரப் பகுதியையும், மீளாய்வாளர்களுக்கு எழுதும் பதில் கடிதத்தையும் பார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு உண்டு. இந்த மாதமும் ஒரு நல்ல கட்டுரை, அறிவியல் குறை எதுவும் இல்லாமலே, ஆய்விதழ் கொடுத்த திருத்தக் கெடுவைத் தவறவிட்டு மறுபடியும் புதிய கட்டுரையாக வரிசையில் நிற்கிறது. காரணம், இரண்டு ஆசிரியர்கள் அரை மணி நேரம் உரிய முறையில் கதைக்காததுதான். இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். நிலாவெளிப் பக்கத்தில் வெங்காயத் தோட்டங்களுக்கு அருகிலும் குடியிருப்புகளுக்கு இடையிலும் உள்ள 30 கிணறுகளில், மாரி மழைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையுமாக நீர் எடுத்து, நைட்ரேட் அளவைப் பார்த்த ஆய்வு அது. முதல் ஆசிரியர் இங்குள்ள இளம் விரிவுரையாளர். தரவுப் பகுப்பாய்வைச் செய்தவர் இங்கு கற்பித்துவிட்டு இப்போது இலண்டனில் இருக்கும் மூத்த ஆய்வாளர். மூலத் தரவுக் கோப்பும் பகுப்பாய்வுக்கான கணினி நிரலும் அவரிடமே இருந்தன. ஆய்விதழ் பெரிய திருத்தம் கேட்டு, நவம்பர் 14 வரை அவகாசம் கொடுத்தது. இரண்டு மீளாய்வாளர்களிடமிருந்தும் மொத்தம் 22 குறிப்புகள் வந்திருந்தன.

கடிதம் கிடைத்த கிழமையே அந்த விரிவுரையாளர் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினார்: "சேர், ரிவியூ வந்திருக்கு. நேரமிருக்கும்போது சொல்லுங்கோ, ஒருக்கா கதைப்பம்." பதிலும் உடனே வந்தது: "ஓம், வாற கிழமை பாப்பம்." வந்த கிழமை போனது, அடுத்ததும் போனது. இருவருமே பொறுப்பற்றவர்கள் அல்லர். கேட்டவர் தன் கடமை முடிந்தது என்று காத்திருந்தார். கேட்கப்பட்டவர் அவசரமான விடயமென்றால் மறுபடி சொல்வார் என்று இருந்தார். அழைப்பு நடந்தபோது நவம்பர் 11 ஆகிவிட்டது. முதல் மீளாய்வாளரின் முதல் குறிப்பிலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்கி, எழுத்துப்பிழைகளையும் மேற்கோள் ஒழுங்கையும் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் கதைத்து, உண்மையான சிக்கல் வந்த இடத்தில் இருவரில் ஒருவருக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "அதைப் பார்த்துக்கொள்வம்" என்று முடித்துக்கொண்டார்கள். அதை மற்றவர் செய்வார் என்று இருவரும் நினைத்தார்கள்.

அந்தச் சிக்கல் இரண்டாம் மீளாய்வாளரின் நான்காம் குறிப்பு. ஒரே கிணற்றில் இருமுறை எடுத்த அளவுகளை ஒன்றோடொன்று தொடர்பில்லாத 60 அளவுகளாக எடுத்துச் சோதித்திருக்கிறீர்கள், கிணற்றைச் சமவாய்ப்பு விளைவாகக் கொண்ட கலப்பு மாதிரியில் மறுபடி செய்யுங்கள் என்பது அவர் கேட்டது. நியாயமான கேள்வி. அப்படிச் செய்தால் மழைக்கு முன் பின் வேறுபாடு பெரும்பாலும் இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனெனில் ஒவ்வொரு கிணறும் தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறது. ஆனால் தோட்டக் கிணறுகளுக்கும் குடியிருப்புக் கிணறுகளுக்கும் இடையிலான வேறுபாடு பலவீனப்படலாம், ஏனெனில் அந்த ஒப்பீட்டுக்குக் கையில் இருப்பவை 30 கிணறுகள்தான், 60 அல்ல. கட்டுரையின் தலைப்பே அந்த இரண்டாவது வேறுபாட்டின் மேல் நின்றது. ஆகவே அந்த ஒரு குறிப்புக்கு விடை தெரியாமல் இரண்டு அட்டவணைகளையும், கலந்துரையாடலின் பாதியையும், சுருக்கத்தையும் தொட முடியாது. மற்றக் குறிப்புகளுக்கு எழுதிவைத்த பதில்களிலும் சில பயனற்றுப் போகக்கூடும்.

இப்போது என்னை மிகவும் வருத்தும் எண்ணத்துக்கு வருகிறேன். மூத்தவரிடம் நாள் குறித்து, நேரம் குறித்து, விடயம் குறித்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்கள் பிள்ளைகள் நம்புகிறார்கள். "உங்களுக்கு வசதியான நேரத்தில்" என்பதே பணிவு என்று சொல்லிக் கொடுக்கப்பட்டு வளர்ந்திருக்கிறார்கள். அன்புக்குரியவர்களே, அது பணிவு அல்ல; உங்கள் வேலையில் ஒரு பகுதியை அவர் தலையில் ஏற்றுவது. அந்த ஒரு வரியைப் படித்தவர் முதலில் கெடு எப்போது என்று தேட வேண்டும். பிறகு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று ஊகிக்க வேண்டும். தன்னிடம் எதிர்பார்ப்பது கருத்தா, கணக்கா, ஒப்புதலா என்று யோசிக்க வேண்டும். தன் நாட்குறிப்பையும் இலங்கை நேரத்தையும் ஒப்பிட்டு ஒரு நேரத்தைத் தானே முன்மொழிய வேண்டும். இத்தனையும் செய்ய வேண்டிய செய்தியை எவரும் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிவைப்பார்கள். "செவ்வாய் மாலை 30 நிமிடம், இந்த மூன்று முடிவுகளுக்காக" என்று கேட்டால், அவர் ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கலாம். மூத்தவரின் நேரத்தை மதிப்பது என்றால் அவர் யோசிக்க வேண்டியதை இயன்றவரை குறைத்துக் கொடுப்பதுதான். சொற்களில் மரியாதை தாராளமாக இருக்கட்டும். "சேர்" என்றும் "தயவுசெய்து" என்றும் எழுதுங்கள். விடயத்தில் மட்டும் மங்கல் வேண்டாம்.

கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நவம்பர் 14 என்பது அனுப்பும் நாள், முடிக்கும் நாள் அல்ல. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்து, பல துறை இதழ்களும் பின்பற்றும் ஆசிரியத் தகுதி விதிகளில், இறுதி வடிவத்துக்கு ஒவ்வோர் ஆசிரியரும் ஒப்புதல் தருவதும் ஒன்று. எனவே இறுதிப் பிரதி குறைந்தது மூன்று நான்கு நாட்களுக்கு முன் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். மறுபகுப்பாய்வு வந்த பின் கலந்துரையாடலைத் திருத்தி எழுத ஒரு கிழமை போகும். அப்படிப் பார்த்தால் அந்த அழைப்பு ஒக்டோபர் முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும். கெடு நாள் நள்ளிரவு எந்த நாட்டு நள்ளிரவு என்று ஊகித்து, அதை நம்பியிருக்கவும் வேண்டாம். ஒரு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். மாரி தொடங்கிய பின் எங்கள் பக்கத்து மின்சாரத்தையும் இணைப்பையும் நம்பிக் கடைசி இரவை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேறு எதுவும் இல்லை.

அந்த விரிவுரையாளர் ஒக்டோபர் நடுப்பகுதியில் இப்படி ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒழுங்கு இதுதான்.

"மதிப்பிற்குரிய சேர், எங்கள் கட்டுரையின் திருத்தத்தை நவம்பர் 14ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும். 22 குறிப்புகளில் 19க்குப் பதில் வரைந்துவிட்டேன். இணைத்துள்ள அட்டவணையில் பார்க்கலாம். மீதி மூன்றுக்கு உங்கள் முடிவு வேண்டும். ஒன்று, கலப்பு மாதிரியில் மறுபகுப்பாய்வு: செய்வதென்றால் நிரலை நீங்கள் ஓட்டுவீர்களா, கோப்பை எனக்கு அனுப்புவீர்களா? இரண்டு, கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழிருந்த அளவுகளைப் பூச்சியமாகக் கொண்டது பற்றிய கேள்வி: அதை எப்படி மாற்றுவது? மூன்று, பக்டீரியாத் தரவும் சேர்க்கச் சொல்கிறார்கள். எங்களிடம் அது இல்லை. ஆய்வின் வரையறையாகக் குறிப்பிட்டு மறுக்கலாம் என்பது என் எண்ணம். இவற்றை முடிவுசெய்ய 30 நிமிடம் போதும். ஒக்டோபர் 28 செவ்வாய் அல்லது 29 புதன், இலண்டன் நேரம் பிற்பகல் 2.00, இலங்கை நேரம் இரவு 7.30 வசதிப்படுமா? இரண்டும் வசதியில்லை என்றால், மூன்றுக்கும் ஒவ்வொரு வரிப் பதில் மின்னஞ்சலில் தந்தாலும் வேலையைத் தொடங்கிவிடுவேன்."

இதில் இரண்டு நேரங்களையும் எழுதியதற்குக் காரணம் உண்டு. பிரித்தானியாவில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். இலங்கையில் அந்த வழக்கம் இல்லை. கோடையில் நாலரை மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் அன்றிலிருந்து ஐந்தரை ஆகிவிடும். அதை மறந்து ஒருவர் சூமில் தனியே காத்திருந்துவிட்டு மனத்தாங்கலோடு எழுந்து போவதை நான் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அது இந்தத் திருத்தக் காலத்திலேயே நடக்கிறது.

அட்டவணை என்று சொன்னதைப் பெரிதாக எண்ண வேண்டாம். குறிப்பின் இலக்கம், அதனால் கட்டுரையில் எந்த இடம் மாறுகிறது, யார் செய்வது, எந்தத் திகதிக்குள் என நான்கு நிரல்கள் போதும். "எந்த இடம் மாறுகிறது" என்ற நிரலை நிரப்பும்போதுதான் எந்தக் குறிப்பு மற்றவற்றைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியவரும். அழைப்பை அந்தக் குறிப்பில் தொடங்குங்கள், மீளாய்வாளர் கொடுத்த வரிசையில் அல்ல. எழுத்துப்பிழைக்கு அழைப்பில் இடமே இல்லை. ஒரு குறிப்பைச் செய்ய மறுப்பதென்றால், அதை மட்டும் நேரடியாகக் கதைத்தே முடிவெடுங்கள், ஏனெனில் அந்த மறுப்புக்கு எல்லா ஆசிரியர்களும் பொறுப்பு.

அழைப்பு முடிந்த அன்றே, நித்திரைக்குப் போகுமுன், முடிவுகளை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். "பார்த்துக்கொள்வம்" என்ற சொல் அதில் வரக்கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆளின் பெயரும் ஒரு திகதியும் இருக்க வேண்டும். "கலப்பு மாதிரி: சேர், நவம்பர் 2. சுருக்கமும் கலந்துரையாடலும்: நான், நவம்பர் 9." இவ்வளவுதான். மூன்றாம் ஆசிரியர் அழைப்பில் இல்லாவிட்டாலும் அவருக்கும் பிரதி போகட்டும்.

குறித்த திகதியில் பகுப்பாய்வு வரவில்லையென்றால் ஒரு தடவை நினைவூட்டுங்கள். இரண்டு நாட்களில் அதற்கும் பதில் இல்லையென்றால், கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே இதழின் ஆசிரியருக்கு எழுதி, காரணத்தை ஒரு வரியில் சொல்லி, புதிய திகதி ஒன்றைக் குறிப்பிட்டு அவகாசம் கேளுங்கள். முன்கூட்டிக் கேட்பவர்களுக்கு அவர்கள் பெரும்பாலும் கொடுப்பார்கள். கெடு கடந்தால் பல இதழ்களின் தளத்தில் திருத்தம் பதிவேற்றும் இணைப்பு மூடிவிடும். பிறகு புதிய கட்டுரையாக அனுப்பச் சொல்வார்கள், அது முன்பு பார்த்த மீளாய்வாளர்களிடமே போகும் என்ற உறுதியும் இல்லை. அந்த விரிவுரையாளர் 15ஆம் திகதி காலையில்தான் எழுதினார்.