கைப்பேசியில் காணொலியை வெட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நான்கு நிமிடக் காணொலியின் முதல் 12.6 நொடிகளை ஒரு செயலியில் வெட்டினால் அடுத்த கணமே அது மறைந்துவிடுகிறது. ஆனால் அதே காணொலியை எக்ஸ்போர்ட் செய்யச் சொன்னால், கைப்பேசி சூடேறும் அளவுக்கு நேரம் பிடிக்கிறது. வெட்டும்போது செயலி உண்மையில் எதையும் வெட்டுவதில்லை என்பதே இதற்குக் காரணம். ‘இந்தக் கோப்பை 12.6 ஆம் நொடியிலிருந்து காட்டு’ என்ற ஒரு வரிக் குறிப்பை மட்டுமே அது எழுதி வைத்துக்கொள்கிறது. எழுத்து, இசை, நிறமாற்றம் ஆகியவையும் இப்படிப்பட்ட குறிப்புகள்தாம். ஆகவே வேலை முடியும் முன் கேலரியிலிருந்து மூலக் காணொலியை அழித்துவிட்டால், பல செயலிகளில் டைம்லைனில் அந்த இடம் வெறுமையாகிவிடும். குறிப்பு இருக்கும், அது சுட்டும் படம் இருக்காது.

விரலால் டைம்லைனைப் பின்னோக்கி இழுக்கும்போது படம் திக்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கேமரா எல்லாப் பிரேம்களையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. நொடிக்கு ஒரு முழுப் படம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடையில் உள்ளவை, அண்டைப் படங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே சொல்லும். நொடிக்கு 30 பிரேம்கள் கொண்ட காணொலியில் 12.6 ஆம் நொடியைக் காட்ட, செயலி 12 ஆம் நொடியின் முழுப் படத்தில் தொடங்கி, அடுத்த 18 பிரேம்களையும் விரித்தாக வேண்டும். பின்னோக்கிச் செல்லும்போது ஏறத்தாழ ஒவ்வோர் அடிக்கும் இந்த வேலையைத் திரும்பச் செய்ய நேர்வதால்தான் அந்தத் திக்கல்.

எக்ஸ்போர்ட்டில்தான் குறிப்புகள் அனைத்தும் செயலாகின்றன. ஒவ்வொரு பிரேமையும் விரித்து, நிறத்தை மாற்றி, எழுத்தை மேலே பதித்து, மீண்டும் சுருக்கிப் புதிய கோப்பாக எழுத வேண்டும். 200 நொடிக் காணொலி என்றால் 6,000 பிரேம்கள்.

இங்கே நாம் கவனத்துடன் முடிவு செய்ய வேண்டியது பிட்ரேட். ஒரு நொடிக் காட்சிக்கு எத்தனை பிட்டுகள் செலவிடலாம் என்ற அளவு அது. நொடிக்கு 10 மெகாபிட் என்று வைத்தால், 200 நொடிக்கு 2,000 மெகாபிட். எட்டால் வகுத்தால் 250 மெகாபைட், ஒலிக்குச் சற்றுக் கூடுதல். மூலக்கோப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அசையாத முகத்துக்கு இந்த அளவு தாராளம். காற்றில் ஆடும் இலைகளிலோ ஓடும் நீரிலோ பிரேமுக்குப் பிரேம் எல்லாமே மாறுவதால், அதே அளவு போதாமல் போய்ப் படம் சிறு சதுரங்களாகச் சிதறக்கூடும்.

ஆகவே எக்ஸ்போர்ட் முடிந்ததும் அதிக அசைவுள்ள பகுதியை முழுத் திரையில் பார்ப்பது நல்லது. சதுரங்கள் தெரிந்தால், பிட்ரேட்டை 16 ஆக உயர்த்தி, செயலிக்குள் இருக்கும் பழைய புராஜெக்டிலிருந்தே மீண்டும் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். வெளிவந்த கோப்பையே திரும்ப உள்ளே கொண்டுவந்தால், சுருக்கத்தில் ஒருமுறை தொலைந்த நுணுக்கங்கள் எவ்வளவு பிட்ரேட் கொடுத்தாலும் திரும்ப வாரா.