நடுவில் வெட்டினால் கை அந்தரத்தில் நிற்கும்

340 மில்லிமீட்டர் உயரச் சிலை ஒன்று முப்பரிமாண அச்சுக்கு வந்தது. நீண்ட அங்கி, பக்கவாட்டில் தொங்கும் இரு கைகள். எங்கள் பிரிண்டரில் 250 மில்லிமீட்டர் உயரம் வரைதான் அச்சிட முடியும். உதவியாளர், மாடலை அடுக்குகளாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருளில் வெட்டுத்தளத்தைச் சரிபாதியில், 170இல் வைத்தார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் தளம் முன்கைகளையும் சேர்த்து அறுத்துவிட்டது. கீழ்ப்பாதியில் இரண்டு உள்ளங்கைகள் உடம்போடு ஒட்டாமல் தனித் துண்டுகளாக அந்தரத்தில் நின்றன. அடுக்குகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்திராவிட்டால் அச்சின் நடுவில்தான் தெரிந்திருக்கும்.

பாதியில்தான் வெட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டு துண்டும் உயரத்துக்குள் அடங்கினால் போதும். விரல் நுனி 140இல் முடிந்ததால் தளத்தை 124க்கு இறக்கினேன். மேல் துண்டு 216, தாராளமாக அடங்கியது. அங்கே அங்கி முழுவதும் ஒரே அகலமான வெட்டுமுகம், பசை பிடிக்க நல்ல இடம். அங்கியின் பூவேலைக் கரையும் அங்கேதான் முடிகிறது, இணைப்புக் கோடு கண்ணில் படாது. இன்னொன்று: அடுக்குத் தடிமன் 0.2 என்பதால் 124 சரியாக 620 அடுக்குகள். 124.1 என்று வைத்திருந்தால் கீழ்த் துண்டின் உயரம் அரை அடுக்கு கூடியோ குறைந்தோ போயிருக்கும்.

மேல் துண்டு வெட்டுமுகத்தின் மேலேயே நிற்கும். விரல்களுக்கு அடியில் மட்டும் 16 மில்லிமீட்டர் சப்போர்ட். ஆனால் இங்கே ஒரு வம்பு இருக்கிறது. முதல் அடுக்கு பிரிண்டரின் சூடான தட்டான பெட்டில் அழுந்தி, சூட்டில் இளகியே இருப்பதால் விளிம்பு சற்று வெளியே பிதுங்கும். யானைக்கால் என்பார்கள். மற்ற இடத்தில் இது ஒரு பொருட்டே இல்லை, இங்கோ அதுதான் இணைப்புக் கோடு. இரண்டையும் சேர்த்து விரல் நகத்தால் தடவினால் இடறும். ஸ்லைசரில் `Elephant foot compensation` 0.2 வைத்து அச்சிட்டேன், அப்புறம் மெல்லிய உப்புத்தாளால் ஓரத்தை இரண்டு முறை இழுத்தேன், போதுமாக இருந்தது.

துண்டுகள் திரும்பிவிடாமலிருக்க இரண்டு முளைகள் வைத்தேன். முளை 6 மில்லிமீட்டர், துளை 6.3. மேல் துண்டின் துளைவாய் பெட்டைத் தொடுவதால் அங்கும் பிதுங்கி வாய் குறுகும். முளை நுழையாவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள், வாயை மட்டும் கத்தியால் சீவுங்கள்.

பிளெண்டர் மென்பொருளில் `Bisect` கொண்டு வெட்டுபவர்கள் `Fill` தேர்வைப் போட மறந்தால் வெட்டுமுகம் மூடாமல், மாடல் மூடியில்லாத டப்பா மாதிரி இருக்கும். வெட்டிய பக்கத்தைத் திருப்பி உள்ளே எட்டிப் பாருங்கள். உட்சுவர் தெரிந்தால் அது திறந்துதான் கிடக்கிறது.