நடுவில் இருப்பதெல்லாம் இடைநிலை அல்ல

25 மதிப்பெண் தேர்வு ஒன்றில் 11 பேர் வாங்கிய மதிப்பெண்களை வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே கரும்பலகையில் எழுதினேன்:

14, 9, 21, 17, 9, 23, 12, 18, 20, 6, 17

இடைநிலை கேட்டதற்கு ஒரு மாணவன் 23 என்றான். ஆறாவதாக நிற்பது அதுதான். ஆனால் வகுப்பிலேயே அதிக மதிப்பெண்ணும் அதுதான். இன்னொருத்தி (11+1)/2 = 6 என்று போட்டு, 6 என்றே விடை எழுதிவிட்டாள். அது குறைந்த மதிப்பெண்! இவளுக்குச் சூத்திரம் தெரியும். ஆனால் அது தருவது இடத்தை. அந்த இடத்தில் நிற்கும் எண்ணைத்தான் விடையாக எழுத வேண்டும்.

ஏறுவரிசையில் அடுக்கினால்:

6, 9, 9, 12, 14, 17, 17, 18, 20, 21, 23

ஆறாவது 17, அதுவே இடைநிலை. அடுக்கிய எண்களை நான்கு சம பங்காகப் பிரிக்கும் எல்லைகள்தான் கால்மானங்கள். முதல் கால்மானத்தின் இடம் (11+1)/4 = 3, மதிப்பு 9. மூன்றாம் கால்மானத்துக்கு அதன் மூன்று மடங்கு, ஒன்பதாவது இடம், மதிப்பு 20.

இதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு, அது கண்ணில் படாது. அடுக்கும்போது, ‘9 ஏற்கெனவே எழுதியாச்சே’ என்று இரண்டாவது 9-ஐயும் இரண்டாவது 17-ஐயும் விட்டுவிடுவார்கள். மீதி 9 எண்கள்; ஐந்தாவது, அதே 17! விடை சரியாக வந்துவிட்டதால் நாமும் டிக் போட்டுவிடுவோம். முதல் கால்மானம் 9-க்குப் பதில் 10.5 என்று வரும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் அடுக்கியதும் எண்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

தேர்வுக்கு வராத ஒருவன் பிறகு எழுதி 15 வாங்கினான். இப்போது 12 பேர்:

6, 9, 9, 12, 14, 15, 17, 17, 18, 20, 21, 23

நடுவில் ஒருவர் இல்லை, 15-ம் 17-ம் என இருவர். இரண்டின் சராசரி 16. “யாருமே 16 வாங்கலையே சார்?” என்று கேட்பார்கள். வாங்கத் தேவையில்லை, கீழே ஆறு பேர், மேலே ஆறு பேர் என்று பிரிந்தால் போதும்.

கால்மானத்தில்தான் தடுமாற்றம். (12+1)/4 = 3.25. மூன்றாவது 9, நான்காவது 12, இடைவெளி 3. அதில் கால் பங்கு 0.75. ஆக முதல் கால்மானம் 9.75. மூன்றாம் கால்மானத்துக்கு இடம் 3 × 3.25 = 9.75: 18-க்கும் 20-க்கும் நடுவே முக்கால் தூரம், 19.5. முதல் கால்மானமும் ஒரு 9.75, இந்த இடமும் ஒரு 9.75. இது தற்செயல்தான், ஆனால் குழப்பிக்கொள்ள வசதியான தற்செயல்.

வீட்டில் எக்செல்லில் சரிபார்க்கும் பெற்றோருக்கு ஒன்று. இதே 12 எண்களின் முதல் கால்மானத்துக்கு `QUARTILE.INC` 11.25 காட்டும்; `QUARTILE.EXC` 9.75 காட்டும். கீழ்ப்பாதி ஆறு எண்களுக்குத் தனியாக இடைநிலை கண்டால் 10.5 வரும். எதுவும் கணக்குப் பிழை இல்லை, இடத்தைக் குறிக்கும் முறைதான் வேறு. பிள்ளையின் பாடநூல் (n+1)/4 என்று சொன்னால் தேர்வில் 9.75 எழுதட்டும், சூத்திரத்தையும் ஒரு வரி சேர்த்து.