டாஸ் போடும் முன்னே ஸ்பீக்கரை அலற விடாதீர்கள்

டர்பனில் கிளப் அணிகளுக்கும் பள்ளி அணிகளுக்கும் விளையாட்டு உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கிரிக்கெட் சீசன் முடிகிற நேரம் நெருங்கினால் பையன்களிடமிருந்து வருகிற மெசேஜ் பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, ஃபைனலுக்கு என்ன பாட்டு போடலாம்?" பத்துப் பாட்டின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் எந்தப் பாட்டு என்பதில் அணிகள் அதிகம் தப்பு செய்வதில்லை, அவர்கள் ரத்தத்தைச் சூடேற்றுவது எது என்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும். எப்போது போடுவது, யார் காதில் விழும்படி போடுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இந்த ஊரில் டிரெஸ்ஸிங் ரூம் பழக்கமெல்லாம் ரக்பியைப் பார்த்து வந்தது. ரக்பியில் பதினைந்து பேரும் ஒன்றாக வெளியே போகிறார்கள், முதல் நிமிஷமே மோதல், அதனால் கதவு திறக்கிற வரை பாட்டு அலறினாலும் பாதகமில்லை. கிரிக்கெட்டில் டாஸ் போடுவதே ஆட்டம் தொடங்க 30 நிமிஷத்துக்கும் 15 நிமிஷத்துக்கும் நடுவில். அதுவரை பந்து போடப் போகிறோமா பேட் பிடிக்கப் போகிறோமா என்றே தெரியாது. பேட்டிங் என்று ஆகிவிட்டால் இரண்டு பேர் மட்டும் உள்ளே போவார்கள், மற்ற ஒன்பது பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காக ஏற்றினோம் அந்தச் சூட்டை?

சாட்ஸ்வொர்த் பக்கத்து அணி ஒன்று. பெயர் வேண்டாம். 50 ஓவர் ஃபைனல், காலை 9.30க்கு ஆட்டம். காவடி ஊர்வலத்தில் கேட்கிற உறுமி அடியோடு கனத்த பேஸ் கலந்த பாட்டு ஒன்றை அணியின் பாட்டாக வைத்திருந்தார்கள். பாதிப் பையன்களுக்கு வரிகளுக்கு அர்த்தம் தெரியாது, சிறுவயதிலிருந்து தை மாதம் கோயிலில் கேட்டுக் கேட்டு அந்த அடி மட்டும் உடம்பில் ஏறியிருக்கிறது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். காலை 8.15க்கே ஸ்பீக்கரை வைத்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப அதே பாட்டு. 9 மணிக்குப் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. டாஸில் தோற்று முதலில் பேட்டிங். மேனேஜர் அங்கிள் என்னிடம் வந்து, "பசங்க செம்ம மூடுல இருக்காங்கம்மா" என்றார்.

நான் ஓப்பனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளவுஸ் பட்டையைப் பிரிக்கிறான், ஒட்டுகிறான், மறுபடி பிரிக்கிறான். தாடை இறுகியிருக்கிறது. பேட்டைத் தரையில் தட்டும்போது கீழ்க்கை விரல் முட்டிகள் வெளுத்திருக்கின்றன. நாடியைப் பிடித்து எண்ணினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 110-ஐத் தாண்டியிருந்தது. வழக்கமாக ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை மணிக்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கக்கூடியவன் அன்றைக்கு முதல் ஓவரிலேயே எட்டாத பந்தைத் துரத்தி ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்தான். அடுத்தவனும் அப்படியே. அந்தப் பக்கம் ஆறாவது ஆட்டக்காரன், காலையில் எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தவன், அவன் முறை வருவதற்குள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டான்.

தோற்றதற்குப் பாட்டுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். எதிரணி நன்றாகப் பந்து போட்டார்கள். ஆனால் அந்த ஓப்பனருக்கு உடம்பில் என்ன நடந்தது என்று சொல்ல முடியும்.

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து கையிலிருந்து கிளம்பி பேட்டுக்கு வர அரை நொடிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அதற்குள் நீளத்தைப் பார்த்து, ஆடுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். சுறுசுறுப்பு ஓரளவு ஏறும்வரை இந்த வேலை நன்றாக நடக்கும், அதற்கு மேல் ஏறினால் பிடி இறுகும், கை முந்தும், விட வேண்டிய பந்தை விட மனசு வராது. யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு பேர் 1908-ல் சுண்டெலிகளை வைத்துச் செய்த பரிசோதனையிலிருந்து கிளைத்த கருத்து இது: வேலை நுணுக்கமாக இருக்க இருக்க, அதற்கு ஏற்ற சூடு குறைவு. பழைய கருத்து, இப்போது அதில் நிறையத் திருத்தங்கள் வந்துவிட்டன. முக்கியமான திருத்தம், ஆளுக்கு ஆள் இந்த அளவு மாறும் என்பது. ஒருவனுக்கு 110 நாடி பதற்றம், இன்னொருவனுக்கு அதுவே சரியான நிலை. பாட்டினால் ஆட்டம் கூடும் என்பதற்கு இணையத்தில் காட்டுகிற ஆய்வுகளில் பெரும்பகுதி ஓட்டம், சைக்கிள் மாதிரி நிற்காமல் உழைக்கிற வேலைகளில் செய்தவை என்பதையும் மறக்க வேண்டாம். பேட்டிங் அந்த வகை உழைப்பு இல்லை.

சரி, அப்படியானால் என்ன செய்வது? அடுத்த சீசனில் இதே அணியோடு உட்கார்ந்து காலை நேரத்தை மாற்றி அமைத்தோம்.

வந்து சேருகிற நேரம், அதாவது 8.15 வாக்கில், ஸ்பீக்கரில் மெதுவான பாட்டு, பக்கத்தில் இருப்பவனோடு சாதாரணக் குரலில் பேச முடிகிற அளவு சத்தம். வார்ம்-அப்புக்குப் போகும்போது வேகத்தைக் கூட்டலாம், ஏனென்றால் அங்கே உடம்பு அசைகிறது, ஏறிய சூட்டுக்குச் செலவு இருக்கிறது. டாஸ் நடக்கும்போது பாட்டே கிடையாது. கேப்டன் திரும்பி வந்து பந்து வீச்சு என்று சொன்னால் ஒரு பட்டியல், பேட்டிங் என்றால் இன்னொரு பட்டியல், இரண்டும் முதல் நாள் ராத்திரியே போனில் தயாராக இருக்க வேண்டும்.

பந்து வீச்சு என்றால் உறுமிப் பாட்டுக்கு அதுதான் இடம். பதினொரு பேரும் ஒன்றாக வெளியே போகிறார்கள், ஓடப் போகிறார்கள், கத்தப் போகிறார்கள். கேப்டன் பேசி முடித்த பிறகு ஒரே ஒரு தடவை, முழுப் பாட்டு, கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது. அப்போதும் புதுப் பந்தை எடுக்கப் போகிறவன் மேல் ஒரு கண் வேண்டும். அளவுக்கு மீறிச் சூடானவனின் ரன்-அப்பில் காலடி நீளும், கால் கிரீஸைத் தாண்டும், முதல் ஓவரிலேயே நோ-பால் வரும், அல்லது பந்து எல்லாம் ஷார்ட்டாக விழும். வார்ம்-அப்பில் அவன் வைத்த அடையாளத்திலிருந்து ஓடி வரச் சொல்லி முன்கால் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பேட்டிங் என்றால் ஸ்பீக்கர் அணைந்தே இருக்கட்டும். ஓப்பனர் இரண்டு பேரும் அவரவர் இயர்போனில் அவரவர் பாட்டு. போன ஃபைனலில் முதல் ஓவரிலேயே அவுட்டான அந்தப் பையன் தேர்ந்தெடுத்தது என்ன தெரியுமா, அவன் பாட்டி வீட்டில் வெள்ளிக்கிழமை ஓடுகிற பழைய பக்திப் பாட்டு. அதைக் கேட்டால் தோள் இறங்குகிறது என்றான். கேட்டுவிட்டு, வெளியே போவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் இயர்போனைக் கழற்றிவிட்டு, வெயிலில் நின்று கண்ணைப் பழக்கிக்கொள்வான். நடுவரிசைக்காரர்களுக்குத் தனித்தனியாகச் சூடேற்றுகிற பாட்டு தேவைப்பட்டால், அவர்கள் காலில் பேட் கட்டும்போது கேட்கட்டும், காலையில் கேட்டது பதினொரு மணிக்கு உதவாது. ஜெயித்தார்களா என்று கேட்காதீர்கள், அந்த வருஷமும் தோற்றார்கள். ஆனால் ஓப்பனர்கள் இரண்டு பேரும் புதுப் பந்தைத் தாண்டி நின்றார்கள், எனக்கு அது போதும்.

பாட்டின் வேகத்தை எப்படி அளப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். 15 நொடியில் விழுகிற அடிகளை எண்ணி நான்கால் பெருக்குங்கள், நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று வந்துவிடும். குத்துப் பாட்டில், உறுமிப் பாட்டில் ஒரு சிக்கல் உண்டு: உள்ளே பொடி அடிகள் ஓடிக்கொண்டே இருக்கும், அதையெல்லாம் எண்ணினால் தலை சுற்றும். கால் தானாகத் தரையில் எங்கே தட்டுகிறதோ அதை மட்டும் எண்ணுங்கள். வார்ம்-அப்புக்கு 120-லிருந்து 140 வரை வருகிற பாட்டு பொதுவாக ஒத்துவரும். அமைதிக்கு 80-க்குக் கீழே தேடுங்கள். எண்ணைவிட முக்கியம், அந்தப் பாட்டோடு அந்த ஆளுக்கு என்ன நினைவு ஒட்டியிருக்கிறது என்பது. போன வருஷம் அவமானமாகத் தோற்ற நாளில் போட்ட பாட்டை, வேகம் சரியாக இருக்கிறது என்று மறுபடி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அணியில் நம் பையன்கள் மட்டும் இல்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். ஜூலு பையன்கள், முஸ்லிம் பையன்கள், வெள்ளைக்காரப் பையன்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அந்த உறுமிப் பாட்டு நமக்கு மயிர்க்கூச்செறியும், பக்கத்தில் இருப்பவனுக்கு வெறும் இரைச்சல். சிலருக்குக் கோயில் அடியைக் கேட்டால் அருள் வருகிற மாதிரி ஆகிவிடும், அது டிரெஸ்ஸிங் ரூமில் வேண்டாத வேலை, பெரியவர்கள் முகம் சுளிப்பதிலும் நியாயம் உண்டு. இந்த இடத்தில் ஸ்பீக்கரை விட வாயால் பாடுவது நன்றாக வேலை செய்கிறது. ஷோஷோலோசா பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சுரங்கத்துக்கு ரயிலில் வந்த தொழிலாளர்கள் பாடியது, ஒருவர் முன்பாட்டு பாட மற்றவர்கள் பின்பாட்டு பாடுவார்கள். இங்கே எந்த வீட்டுப் பையனுக்கும் தெரியும். சேர்ந்து பாடும்போது மூச்சு நீளமாக வெளியே போகிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்கிறார்கள், வேகத்தை முன்பாட்டுக்காரனே கூட்டலாம், குறைக்கலாம். ஸ்பீக்கருக்கு அந்த வசதி கிடையாது.

கடைசியாக, சத்தம். நம் மைதான அறைகள் சிமெண்ட் சுவர், டைல்ஸ், மேலே தகரம். சின்ன ஸ்பீக்கரே உள்ளே 100 டெசிபலைத் தொட்டுவிடும். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100-க்கு ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான். 8.15-லிருந்து 9.25 வரை அலறவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கை தூரத்தில் நிற்பவனிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே வந்த பிறகு காதில் ரீங்காரம் கேட்டாலோ, பஞ்சு அடைத்த மாதிரி இருந்தாலோ, காது கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகியிருக்கிறது. மெல்லிய எட்ஜ் சத்தத்தைக் கேட்டு அப்பீல் செய்ய வேண்டிய விக்கெட் கீப்பருக்கு அந்த நிலை வேண்டவே வேண்டாம், பெரும்பாலும் அவன்தான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேட் கட்டுகிறவன்.

பேட்டிங் முடிந்து இன்னிங்ஸ் இடைவேளையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிரியாணி சாப்பிட்டு உடம்பு மந்தமாக இருக்கும் நேரம். காலையில் ஒதுக்கி வைத்த உறுமிப் பாட்டை இப்போது எடுங்கள். அம்பயர்கள் வெளியே கிளம்புவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால், பதினொரு பேரும் நின்றுகொண்டு, ஒரே ஒரு தடவை.