உடைந்த கியரின் அடிவட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

பிசான அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் நாட்களில், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அரிசி ஆலைகளில் ஒரு கியர் உடைந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். பல் போன சக்கரத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர் கேட்பது ஒன்றுதான்: “அண்ணாச்சி, இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுங்க.” பற்களை எண்ணலாம், வெளிவிட்டத்தை அளக்கலாம். இந்த இரண்டும் சரியாக இருந்தும் புதுக் கியர் மாட்டிய அன்றே கடகடவென்று சத்தம் போடுவதுண்டு. பல்லின் வளைவு எந்த வட்டத்திலிருந்து பிறந்தது என்று பார்க்காமல் விடுவதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். அந்த வட்டத்துக்குப் பெயர் அடிவட்டம்.

ஒரு கியரை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து பார்ப்போம். நேர்ப்பல் கியர், 32 பற்கள். வெளிவிட்டம் வெர்னியரில் 101.8 மி.மீ. சாதாரண முழு உயரப் பல்லுக்கு வெளிவிட்டத்தை, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். 101.8-ஐ 34-ஆல் வகுத்தால் 2.994. பல் நுனி கொஞ்சம் தேய்ந்திருக்கிறது; மாட்யூல் 3 என்று எடுத்துக்கொள்ளலாம், அப்போது அசல் வெளிவிட்டம் 102. பற்கள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு பல்லுக்கு நேரெதிரே பள்ளம் வருவதால் வெர்னியர் குறைவாகத்தான் காட்டும். அப்போது நடுத்துளையின் விளிம்பிலிருந்து பல் நுனி வரை அளந்து, அதோடு துளையின் ஆரத்தைக் கூட்டி, இரண்டால் பெருக்க வேண்டும்.

மாட்யூலைப் பல் எண்ணிக்கையால் பெருக்கினால் பிட்ச் வட்டத்தின் விட்டம்: 3 × 32 = 96 மி.மீ. அந்த வட்டத்தில் பல்லும் பள்ளமும் சமம் என்பதால் பல்லின் தடிப்பு π × 3 ÷ 2, அதாவது 4.712 மி.மீ. இதுவரை அழுத்தக் கோணம் எங்கும் வரவில்லை. 20 பாகைப் பல்லானாலும் 14.5 பாகைப் பல்லானாலும் வெளிவிட்டம், பிட்ச் விட்டம், பிட்ச் வட்டத்துத் தடிப்பு மூன்றும் ஒன்றேதான். இவற்றை மட்டும் பார்த்துப் பல் வெட்டுகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

கோணம் எங்கே வேலை செய்கிறது? நூல்கண்டிலிருந்து நூலை இழுத்துப் பிடித்தபடியே பிரித்தால், நூல் முனை காற்றில் ஒரு வளைகோடு வரையும். அந்த வளைகோடுதான் இன்வால்யூட், கியர்ப் பல்லின் பக்கவாட்டு வடிவம். கண்டின் வட்டம்தான் அடிவட்டம். பிரிந்து நிற்கும் நூல் எப்போதும் கண்டைத் தொட்டுக்கொண்டும், பல்லின் பக்கத்துக்குச் செங்குத்தாகவும் இருக்கும். இரண்டு கியர்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையும் அந்த நூலின் வழியேதான் போகிறது. பிட்ச் வட்டங்கள் இரண்டும் தொடும் புள்ளியில் போடும் தொடுகோட்டிலிருந்து அந்த நூல் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதுவே அழுத்தக் கோணம். சக்கரத்தின் மையம், பிட்ச் வட்டங்கள் தொடும் புள்ளி, நூல் அடிவட்டத்தைத் தொடும் புள்ளி ஆகிய மூன்றையும் இணைத்தால் செங்கோண முக்கோணம் வரும். அதில் கர்ணம் பிட்ச் ஆரம், அடுத்த பக்கம் அடிவட்ட ஆரம். எனவே பிட்ச் விட்டத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் அடிவட்ட விட்டம். கீழே m மாட்யூல், z பல் எண்ணிக்கை, α பாகையில் அழுத்தக் கோணம், d பிட்ச் விட்டம், db அடிவட்ட விட்டம், s பிட்ச் வட்டத்துத் தடிப்பு.

```
d  = m × z
db = d × cos α
s  = π × m / 2
inv α = tan α − α × π / 180
sb = db × (s / d + inv α)
```

நம் கியருக்கு 20 பாகை என்றால் db = 96 × 0.9397 = 90.21 மி.மீ. 14.5 பாகை என்றால் 96 × 0.9681 = 92.94 மி.மீ. இரண்டுக்கும் 2.7 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும், இந்த வட்டம் பல்லில் எங்கும் கோடாகத் தெரியாது. 20 பாகைக் கியரின் பள்ளத்தடி விட்டம் 96 − 2.5 × 3 = 88.5 மி.மீ. ஆக, நம் கியரில் அடிவட்டம் பள்ளத்தடிக்குக் கொஞ்சம் மேலே, பல்லின் அடிப்பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்குக் கீழே உள்ள பகுதி இன்வால்யூட் அல்ல, வெறும் வளைவு நிரப்பு. 20 பாகையில் பற்கள் 42-ஐ எட்டிவிட்டால் அடிவட்டம் பள்ளத்தடிக்கும் கீழே போய்விடும். அதன்பின் பல்லின் பக்கம் ஏறக்குறைய முழுவதும் இன்வால்யூட்தான்.

சூத்திரத்தின் கடைசி வரியில் உள்ள sb என்பது அடிவட்டத்தில் பல்லின் தடிப்பு. inv என்று எழுதியிருப்பது இன்வால்யூட் சார்பு. அதில் டேன்ஜெண்டிலிருந்து கழிக்க வேண்டியது ரேடியனில் உள்ள கோணம். கால்குலேட்டரில் tan 20 போட்டுவிட்டு நேரே 20-ஐக் கழித்தால் அர்த்தமில்லாத எண் வரும். சரியான கணக்கு: 0.36397 − 0.34907 = 0.01490. நம் கியருக்கு sb = 90.21 × (4.712 ÷ 96 + 0.01490) = 5.773 மி.மீ. பிட்ச் வட்டத்தில் 4.712 இருந்த தடிப்பு அடியில் 5.77 ஆகப் பருக்கிறது. நுனியில், 102 மி.மீ. விட்டத்தில், இதே கணக்கைப் போட்டால் 2.23 மி.மீ. மிஞ்சும்.

கணக்கு சரி. ஆனால் கையில் இருக்கும் பழைய கியர் 20 பாகையா, 14.5 பாகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பல பற்களைச் சேர்த்து வெர்னியர் வாய்க்குள் பிடிக்க வேண்டும். நான்கு பற்களின் வெளிப்பக்கங்களைத் தாடைகள் தொடும்படி பிடித்தால், தாடைக்குத் தாடை உள்ள நேர்கோடு அடிவட்டத்தைத் தொட்டுச் செல்லும் நூலேதான். அதன் நீளம் அடிவட்டத்தின் மேல் மூன்று பல் இடைவெளியும் ஒரு பல் தடிப்பும். அடிவட்டத்துப் பல் இடைவெளி என்பது அடிவட்டச் சுற்றளவைப் பல் எண்ணிக்கையால் வகுத்தது: π × 90.21 ÷ 32 = 8.856 மி.மீ. எனவே நான்கு பல்லின் அளவு 3 × 8.856 + 5.773 = 32.34 மி.மீ. தாடையைக் கொஞ்சம் மேலே கீழே ஆட்டினாலும் அளவு மாறாது, தாடைகள் இன்வால்யூட் பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை. 32 பல்லுக்கு நான்கு பல் பிடிப்பது நல்ல தேர்வு. தாடை தொடும் இடம் பிட்ச் வட்டத்துக்குப் பக்கத்திலேயே அமையும்.

ஒரே ஒரு அளவை மட்டும் எடுத்து முடிவு செய்யக் கூடாது. 14.5 பாகைக் கியரில் நான்கு பல்லின் அளவு 32.45 மி.மீ. 20 பாகைக் கியரில் 32.34. வித்தியாசம் 0.11 மி.மீ.தான். பழைய கியரின் தேய்மானமே அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். எனவே நான்கு பல்லை அளந்த பிறகு அதே இடத்தில் மூன்று பல்லையும் அளந்து, இரண்டின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். பல்லின் தடிப்பும் தேய்மானமும் அந்தக் கழித்தலில் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது அடிவட்டத்துப் பல் இடைவெளி மட்டுமே. நான்கு பல்லுக்கு 31.90, மூன்று பல்லுக்கு 23.04 என்று வந்தால் வித்தியாசம் 8.86. 20 பாகைக்கு 8.856, 14.5 பாகைக்கு 9.125. சந்தேகமே இல்லை, 20 பாகை. இந்த 0.27 மி.மீ. வேறுபாட்டைச் சாதாரண வெர்னியரே காட்டிவிடும், டிஸ்க் மைக்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் 8.86-ஐ வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டு அடிவட்ட விட்டத்தை முடிவு செய்ய வேண்டாம். இடைவெளியில் 0.02 மி.மீ. பிசகினால் விட்டத்தில் 0.2 மி.மீ. பிசகும். அளவு கோணத்தைச் சொல்லட்டும். விட்டத்தைக் கொசைன் கணக்கே தரட்டும்.

தேய்மானம் பல்லின் பக்கம் முழுவதும் சமமாக இருப்பதில்லை என்பதால், அளக்கும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜோடிக் கியர் அகலம் குறைந்ததாகவோ சற்று விலகி ஓடியதாகவோ இருந்தால், பல்லின் ஓரத்தில் தொடாத ஒரு பட்டை பழைய நிறத்திலேயே இருக்கும். அளவை அங்கே எடுப்பதுதான் நம்பகமானது.

இனி வெட்டுவது. மாட்யூல் 3, 20 பாகை, 26 முதல் 34 பல் வரைக்குமான கட்டர். கட்டரின் வரிசை எண்ணை நம்ப வேண்டாம். ஒரு வகைத் தொகுப்பில் இந்த வரம்பு 4-ஆம் எண், எண்கள் தலைகீழாகப் போகும் இன்னொரு வகையில் 5-ஆம் எண். கட்டரின் முகத்தில் பொறித்திருக்கும் பல் வரம்பைப் படியுங்கள். 40-க்கு 1 டிவைடிங் ஹெட்டில் ஒரு பல்லுக்கு ஒன்றேகால் சுற்று: ஒரு முழுச் சுற்று, அதன்பின் 16 துளை வட்டத்தில் 4 துளை.

இரண்டு கியர்கள் இறுகாமல் ஓடப் பல் கொஞ்சம் மெலிய வேண்டும். 0.10 மி.மீ. மெலிக்கிறோம் என்றால், நான்கு பல்லின் அளவு 0.10 × cos 20, அதாவது 0.094 மி.மீ. குறைய வேண்டும். இலக்கு 32.25 மி.மீ. முழு ஆழம் 2.25 × 3 = 6.75 என்று நேரே இறக்கிவிடாமல் முதலில் 6.25 மட்டும் இறக்கி, அடுத்தடுத்த சில பள்ளங்களை வெட்டி நான்கு பல்லை அளந்து பாருங்கள். 32.70 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 0.45 குறைய வேண்டும். ஆழம் 1 மி.மீ. கூடினால் இந்த அளவு 2 × sin 20, அதாவது 0.684 மி.மீ. குறையும். எனவே 0.45 ÷ 0.684 = 0.66 மி.மீ. ஆழம் பாக்கி. முதலில் 0.5 இறக்கி, மறுபடி அளந்து, மீதியை இறக்குவது பாதுகாப்பு. பிளாங்க்கின் வெளிவிட்டம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் இந்த அளவு கெடாது. பல் வெர்னியரில் நுனியிலிருந்து ஆழம் வைத்து ஒற்றைப் பல்லின் தடிப்பை அளப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, வெளிவிட்டம் 0.2 மி.மீ. பிசகினால் தடிப்பில் 0.07 மி.மீ. பிசகிவிடும்.

கோணம் மாறி, 20 பாகை ஜோடியோடு 14.5 பாகைக் கட்டரில் வெட்டிய கியர் ஓடினால், ஒரு சக்கரத்தின் அடிவட்ட இடைவெளி 8.856, மற்றதன் இடைவெளி 9.125. ஒரு பல் விலகும் நேரமும் அடுத்த பல் பிடிக்கும் நேரமும் ஒத்துவராது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு இடி விழும், ஒரு பல்லின் நுனி அடுத்ததன் அடியைச் சுரண்டும். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தால் நுனி விளிம்பிலும் அடியிலும் பளபளப்பான கோடு விழுந்திருக்கும்.

நான்கு பல்லின் அளவு சுற்றிலும் ஒன்றாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்துக் கியரை அனுப்பிவிட வேண்டாம். நடுத்துளை மையம் தவறியிருந்தாலும் இந்த அளவு மாறாது, ஏனென்றால் அது பற்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறதே தவிரத் துளையோடு ஒப்பிடுவதில்லை. துளையில் மேண்ட்ரல் போட்டு இரு மையங்களுக்கு நடுவே பிடித்து, 5 மி.மீ. பின் ஒன்றை ஒவ்வொரு பள்ளமாக வைத்து, அதன் மேல் டயல் கேஜின் முள்ளை ஓடவிட்டுப் பார்த்தால் அந்தக் குறை அங்கேதான் தெரியும்.