வெற்றுக் குழியில் அணு: ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

‘வெற்றிடத்திலிருந்து ஆற்றலைப் பெற்று அணு அலைவுறுகிறது’ என்ற வாக்கியத்தை, நான் மதிப்பிட்ட ஆய்வேடு ஒன்றில் மீண்டும் படிக்க நேர்ந்தது. ஓரத்தில் கேள்விக்குறி இட்டு நகர்ந்துவிடும் பொறுமை எனக்கு இனி இல்லை.

வெற்றிடம் எதையும் தருவதில்லை. அடிநிலையில் உள்ள அணுவை, எதிரெதிர் ஆடிகளுக்கு இடையே ஒளியை அடைத்துவைக்கும் குழியில், ஃபோட்டான் ஏதும் இல்லாதபோது வைத்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் நிகழாது. 1963-இல் ஜேன்ஸும் கம்மிங்ஸும் எழுதிய மாதிரியில் அந்த நிலை வேறெதனோடும் பிணைக்கப்படவில்லை. அலைவுக்குத் தேவையான அந்த ஒற்றைக் குவாண்டத்தை, கிளர்வுநிலையில் நுழையும் அணுதான் கொண்டுவருகிறது. அது குழியில் ஃபோட்டானாக மாறுகிறது. குழியில் ஒரே ஒரு ஒளிப்பாங்கு மட்டுமே இருப்பதால் ஃபோட்டானுக்குத் தப்பிச்செல்ல வேறு வழியில்லை, அணுவே அதைத் திரும்ப உட்கவர்கிறது. அப்படியானால் வெற்றிடத்தின் பங்குதான் என்ன? n ஃபோட்டான்கள் உள்ள குழியில் பரிமாற்ற வேகம் √(n+1)-ஐப் பொறுத்தது. n சுழியானாலும் அந்தக் காரணி ஒன்றாக நிற்கிறது. ஒளிப்புலத்தை வெறும் எண்ணாகக் கருதி அதைச் சுழியாக்குபவர்களின் கணக்கில் மட்டுமே அணு அசையாமல் கிளர்வுநிலையிலேயே கிடக்கும்.

1996-இல் பாரிஸில் செர்ஜ் அரோஷின் குழு இதை நேரடியாக அளந்தது. ருபீடியம் அணுவின் 51, 50 எண்ணுள்ள ரிட்பெர்க் மட்டங்களுக்கு இடையே, 51 கிகாஹெர்ட்ஸில், ஏறத்தாழ 0.8 கெல்வினுக்குக் குளிர்விக்கப்பட்ட நியோபியம் குழியில் பரிமாற்றம் சுமார் 50 கிலோஹெர்ட்ஸில் நடந்தது. அதாவது ஏறத்தாழ 10 மைக்ரோ வினாடியில் ஆற்றல் முழுவதும் ஃபோட்டானிடம் இருக்கும், 20-இல் அணுவிடம் திரும்பிவிடும். ஃபோட்டான் குழியில் சுமார் 220 மைக்ரோ வினாடி தங்கியதால்தான் இந்தத் திரும்புதல் தெரிந்தது; கசிவு பிணைப்பை விஞ்சியிருந்தால் ஒரே சரிவாக இறங்கும் வளைகோடு மட்டுமே கிடைத்திருக்கும்.

இனி, தயவுசெய்து இரண்டைச் சரிபாருங்கள். அணுவுக்கும் குழிக்கும் இடையிலான பிணைப்பின் வலிமை g எனில், அணு கிளர்வுநிலையில் இருக்கும் நிகழ்தகவு cos²(gt) என்பதால் நீங்கள் காணும் அதிர்வெண் 2g. மேற்கண்ட 50 கிலோஹெர்ட்ஸை அப்படியே g/2π என்று எழுதாதீர்கள், அது 25 மட்டுமே. (இந்த இரண்டு மடங்குப் பிழை நேர்முகத் தேர்வு வரை வந்துவிடுகிறது.)

அடுத்து, அலைவு 71 கிலோஹெர்ட்ஸில் தெரிந்தவுடன் ‘குழியில் ஏற்கெனவே ஒரு ஃபோட்டான் இருந்தது’ என்று √2-ஐக் காட்டி அறிவிக்காதீர்கள். அணுவின் அதிர்வெண் குழியின் அதிர்வெண்ணிலிருந்து 50 கிலோஹெர்ட்ஸ் விலகியிருந்தாலும் இதே எண்தான் வரும், √(50² + 50²). வேறுபாடு ஆழத்தில் இருக்கிறது: ஃபோட்டான் இருந்திருந்தால் கிளர்வுநிலை நிகழ்தகவு சுழி வரை இறங்கும், விலகல் இருந்தால் பாதியிலேயே நின்றுவிடும். கண்டறி கருவியின் பிழைகளும் ஆழத்தைக் குறைக்கும் என்பதால், முதலில் அணுவின் அதிர்வெண்ணை இரு பக்கமும் நகர்த்தி, அலைவு எங்கே மிக மெதுவாகிறது என்று பாருங்கள். ஒத்திசைவு அங்கேதான் இருக்கிறது, ஆழத்தை அங்கே அளந்து எழுதுங்கள்.