பூட்டை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு

சில வருடங்களுக்கு முன் ஓர் இணையக் கடையின் டேட்டாபேஸைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தள்ளுபடி நாளில் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் ஆர்டர்கள் தேங்கி நின்றன. மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. விசாரித்தால், அதற்கு முந்தைய மாதம்தான் பூட்டுகளை எடுத்துவிட்டு, படித்தபின் பதிவு மாறியதா என்று காட்டும் வெர்ஷன் எண்ணுக்கு மாறியிருந்தார்கள். ஒருவருக்கொருவர் காத்து இருவருமே நகராமல் நிற்கும் டெட்லாக் தொல்லை தாங்காமல் எடுத்த முடிவு அது.

ஒரே பதிவைப் பலர் ஒரே நேரத்தில் மாற்ற வரும்போது, டிரான்சாக்ஷன்களை யாருக்குப் பின் யார் என்று வரிசைப்படுத்துவதுதான் எல்லா முறைகளின் வேலையும். அந்த வரிசை எப்போது முடிவாகிறது என்பதில்தான் வித்தியாசம். பூட்டு முறையில், பதிவை யார் முதலில் பூட்டுகிறாரோ அவர் முன்னால், மற்றவர் காத்திருப்பார். நேரமுத்திரை முறையில், டிரான்சாக்ஷன் தொடங்கும்போதே அதற்கு ஓர் எண் கிடைத்துவிடும். 100 எண் கொண்டது இன்னும் எழுதவில்லை. அதற்குள் 105 வந்து அதே பதிவைப் படித்துவிட்டது என்று வையுங்கள். இப்போது 100 எழுத வந்தால் அனுமதி கிடையாது. அதன் பிறகு பிறந்த 105, பழைய மதிப்பை ஏற்கெனவே பார்த்துவிட்டதே. ஆகவே 100 ரத்தாகி, புதிய எண்ணோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே யாரும் பூட்டுக்காகக் காத்திருப்பதில்லை என்பதால் டெட்லாக் வராது. ஆனால் நீளமாக ஓடும் ரிப்போர்ட் போன்ற வேலைகள் திரும்பத் திரும்ப அடிவாங்கும்.

மூன்றாவது, 1981-இல் குங், ராபின்சன் இருவரும் எழுதிக் காட்டிய நம்பிக்கை முறை: படி, தனியாக வேலையைச் செய், கடைசியில் மோதல் உண்டா என்று சோதித்துவிட்டு எழுது. வரிசை அந்தச் சோதனையில்தான் முடிவாகிறது. தோற்றால், செய்த வேலை முழுவதும் வீண். இந்தக் கடை செய்தது இதன் எளிய வடிவம்:

```sql
UPDATE stock SET qty = 39, version = 8
WHERE item_id = 512 AND version = 7;
```

இப்போது கணக்கைப் பாருங்கள். 20 பேர் ஒரே பொருளை ஒரே நேரத்தில் வாங்குகிறார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் 30 மில்லிசெகண்ட் வேலை. பூட்டு இருந்தால் 20 முறை வேலை நடக்கும், கடைசி ஆளுக்கு 600 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். வெர்ஷன் முறையில் மோசமான நிலையில், 20 பேரும் 7 என்று படிப்பார்கள். ஒருவர் ஜெயிப்பார், 19 பேர் திரும்புவார்கள். அடுத்த சுற்றில் 18 பேர். இப்படியே கூட்டினால் 210 முயற்சிகள், அதில் 190 வீண். அந்த வீண் வேலையும் சிபியூவைத் தின்பதால் 30 மில்லிசெகண்ட் என்பதே நீண்டுகொண்டு போகும். ஆளுக்கொரு பொருளாக வாங்கினால் இந்த மோதலே இல்லை. அதனால்தான் சோதனை ஓட்டத்தில் எல்லாம் அழகாகத் தெரிந்திருக்கிறது.

இன்னும் இரண்டு கோளாறுகள் கோடில் இருந்தன. வெர்ஷன் பொருந்தாவிட்டால் டேட்டாபேஸ் பிழை எதுவும் சொல்லாது. மாறிய பதிவுகள் 0 என்று மட்டும் சொல்லும். ஓரிடத்தில் அந்த எண்ணைப் பார்க்காமலேயே ஆர்டர் உறுதி எஸ்எம்எஸ் போய்க்கொண்டிருந்தது. ஸ்டாக் குறையவே இல்லை! மற்றது நுணுக்கமானது. மறுமுயற்சியை அதே டிரான்சாக்ஷனுக்குள் வைத்திருந்தார்கள். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான ஐசொலேஷன் நிலை `REPEATABLE READ`. அதில் சாதாரண `SELECT` திரும்பவும் பழைய பிரதியையே, அதாவது வெர்ஷன் 7-ஐயே காட்டும். எத்தனை முறை சுற்றினாலும் ஜெயிக்காது. `ROLLBACK` செய்து, புதிய டிரான்சாக்ஷனில் படிப்பதிலிருந்து தொடங்கினால்தான் சரி. எஸ்எம்எஸ், பணம் எடுப்பது மாதிரியான வெளிவேலைகள் `COMMIT`-க்குப் பிறகுதான் போக வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் ஒன்று போகும்.

சரி, பழைய டெட்லாக் எதனால் வந்தது? ஒருவர் கூடையில் 512, 87 என்ற வரிசையில் பொருட்கள்; இன்னொருவர் கூடையில் 87, 512. ஆளுக்கொன்றைப் பூட்டிக்கொண்டு மற்றதுக்காக நின்றார்கள். பூட்டும் முன் `item_id`-ஐ ஏறுவரிசையில் அடுக்கியிருந்தால் போதும், முறையையே மாற்றியிருக்க வேண்டாம். நாங்கள் அதைத்தான் செய்தோம். அப்புறம் ஸ்டாக் குறைப்பதை இப்படி மாற்றி, டிரான்சாக்ஷனின் கடைசிக்கு நகர்த்தினோம்:

```sql
UPDATE stock SET qty = qty - 1
WHERE item_id = 512 AND qty > 0;
```

இதுவும் பதிவைப் பூட்டும்தான். ஆனால் `COMMIT` வரைக்கும் உள்ள அந்தச் சிறு நேரம் மட்டும். இங்கேயும் 0 வந்தால் சரக்கு தீர்ந்தது என்று அர்த்தம், பார்த்தே ஆக வேண்டும்.

வெர்ஷன் எண்ணை எல்லா இடத்திலும் எடுக்கவில்லை. பொருள் விவரத்தைத் திருத்தும் பக்கத்தில் அப்படியே விட்டோம். அங்கே ஊழியர் ஒருவர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். அவ்வளவு நேரம் பதிவைப் பூட்டி வைக்க முடியாது. இன்னொருவர் அதற்குள் திருத்தியிருந்தால், திரும்பி வந்து சேமிக்கும்போது புதிய விவரத்தைக் காட்டிக் கேட்கிறது.